கணக்கை மாற்றும் முன் அம்மாவைக் கேட்டிருக்க வேண்டும் வங்கி

வெளிநாட்டு வேலைக்குப் போகிறவர் தன் சேமிப்புக் கணக்கை, வெளிநாட்டில் வசிப்பவருக்கான என்.ஆர்.ஓ. கணக்காக மாற்றச் சொல்லி வங்கிக்குக் கொடுக்கும் படிவத்தில் எல்லாமே கேட்கிறார்கள். பாஸ்போர்ட் எண், விசா வகை, வெளிநாட்டு முகவரி, வேலை தரும் நிறுவனம், வேறு எந்த நாட்டில் வரி கட்டுகிறீர்கள் என்பதுவரை. கூட்டுக் கணக்காக இருந்தால் இரண்டாவது ஆளுக்கும் கையெழுத்துப் போட ஒரு கட்டம் இருக்கிறது. ஆனால் அந்த இரண்டாவது ஆள் யார், அவர் இந்தியாவிலேயே இருக்கிறாரா, இந்தக் கணக்கை நம்பித்தான் வீட்டுச் செலவு நடக்கிறதா என்று ஒரு வரிகூட இல்லை. கையெழுத்துப் போட்ட பிறகு அவருக்கு என்ன ஆகும் என்பதும் இல்லை. இது எனக்கு இன்னும் ஆறவே இல்லை. கொழும்பில் என்னைப் போல இந்தியாவிலிருந்து வேலைக்கு வந்திருக்கும் பலருக்கும் ஊரில் அம்மாவோ அப்பாவோ இரண்டாவது பெயராக இருக்கிறார்கள் என்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

நான் 2023 நவம்பரில் கொழும்பு வந்தேன். ஊர் பாளையங்கோட்டை. முதல் வேலையில் சேர்ந்தபோது திறந்த சம்பளக் கணக்குதான் வீட்டுக் கணக்காகவும் ஆகிப்போனது. அப்பா இறந்த பிறகு அம்மாவை இரண்டாவது பெயராகச் சேர்த்தோம், 'ஐதர் ஆர் சர்வைவர்' முறையில், அதாவது இருவரில் யார் வேண்டுமானாலும் தனியாக எடுக்கலாம். அம்மாவிடம் தனி ஏ.டி.எம். கார்டு. வீடு அம்மா பெயரில், மாடியில் குடியிருப்பவர்கள் வாடகையை இந்தக் கணக்கில் போடுவார்கள். கேஸ் மானியம் முதல் கரண்ட் பில் வரை எல்லாம் இதில்தான். கணக்கு என் பெயரில் தொடங்கினாலும் புழங்கியது அம்மா. இப்படி இல்லாத வீடு நம் ஊரில் குறைவு.

182 நாள் என்ற தவறான பதில்

வந்ததும் கிளைக்கு போன் செய்து கணக்கை மாற்ற வேண்டும் என்றேன். "சார், நீங்க 182 நாள் வெளியே இருந்தாத்தான் என்.ஆர்.ஐ. ஆறு மாசம் கழிச்சு வாங்க" என்றார் எடுத்தவர். இது தவறு. கிளைகளில் மட்டுமல்ல, இங்கே சாப்பாட்டு மேசையில் பேசிக்கொள்ளும்போதும் இதையேதான் எல்லோரும் சொல்கிறார்கள், அதனால் இதைத் தெளிவாகப் பிரித்துச் சொல்ல வேண்டியிருக்கிறது.

நாம் எங்கே வசிப்பவர் என்பதை இந்தியாவில் இரண்டு சட்டங்கள் தனித்தனியாகத் தீர்மானிக்கின்றன. வங்கிக் கணக்கு எந்த வகையில் இருக்க வேண்டும் என்பதைச் சொல்வது 1999ஆம் ஆண்டின் அந்நியச் செலாவணி மேலாண்மைச் சட்டம், அதாவது ஃபெமா. அதிலும் 182 நாள் என்ற சொல் வருகிறது, ஆனால் அதற்கு ஒரு விலக்கும் அதே பிரிவில் இருக்கிறது: வெளிநாட்டில் வேலை பார்ப்பதற்காக இந்தியாவை விட்டுப் போனவர் இந்தியாவில் வசிப்பவர் ஆகமாட்டார். நாளை எண்ண வேண்டியதே இல்லை. வேலைக்காக விமானம் ஏறிய அன்றைக்கே நாம் அந்தச் சட்டத்தின் கண்ணில் வெளிநாட்டில் வசிப்பவர்தான். வருமான வரிச் சட்டமோ நிதியாண்டில் எத்தனை நாள் இந்தியாவில் இருந்தோம் என்று எண்ணுகிறது. ஏப்ரலில் இருந்து நவம்பர் வரை ஊரில்தான் இருந்தேன் என்பதால், 2023-24 நிதியாண்டு முழுக்க வரிக்கு நான் இந்தியாவில் வசிப்பவன். அதே நவம்பரிலிருந்து கணக்குக்கு நான் வெளிநாட்டுக்காரன். இரண்டும் ஒரே சமயத்தில் உண்மை. கிளையில் இருந்தவர் வரிச் சட்டத்தின் பதிலை எடுத்துக் கணக்குக்குச் சொல்லிவிட்டார்.

மாற்றாமலே விட்டுவிட்டால் யாருக்குத் தெரியப்போகிறது என்று என் அலுவலகத்திலேயே சிலர் கேட்டார்கள். ஃபெமா மீறலுக்கு, சம்பந்தப்பட்ட தொகையைக் கணக்கிட முடிந்தால் அதைப்போல மூன்று மடங்கு வரை அபராதம் போடச் சட்டத்தில் இடம் இருக்கிறது. அதை வைத்து நான் பயமுறுத்த வரவில்லை. ஆனால் நாளைக்கு ஊரில் இடம் விற்றோ பி.எஃப். எடுத்தோ பெரிய தொகை ஒன்றைக் கணக்கில் வாங்கி, அதை இங்கே கொண்டுவர நினைக்கும்போது, வங்கி முதலில் பார்ப்பது அந்தக் கணக்கு எந்தத் தேதியிலிருந்து என்.ஆர்.ஓ. என்பதைத்தான். அப்போது பழைய ஆண்டுகளுக்கு விளக்கம் எழுதிக்கொண்டிருப்பதைவிட இப்போதே மாற்றிவிடுவது எளிது.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். இருக்கும் சேமிப்புக் கணக்கு என்.ஆர்.ஓ. ஆகத்தான் மாறும், என்.ஆர்.இ. ஆக மாறாது. என்.ஆர்.இ. என்பது வெளிநாட்டில் சம்பாதித்ததை அனுப்புவதற்குப் புதிதாகத் திறக்க வேண்டிய கணக்கு; அதில் கிடக்கும் பணத்தை எப்போது வேண்டுமானாலும் திரும்ப வெளிநாட்டுக்கு எடுத்துக்கொள்ளலாம், வட்டிக்கு இந்தியாவில் வரியும் இல்லை. இந்தியாவில் சம்பாதித்த பழைய பணம் என்.ஆர்.ஓ.வில் இருக்கும். அங்கிருந்து வெளியே அனுப்ப நிதியாண்டுக்குப் பத்து லட்சம் டாலர் என்ற வரம்பும், வரி கட்டியதற்கான படிவங்களும் உண்டு.

முகவரிக்கு ஒரு தாள்

ஆவணங்களில் பாஸ்போர்ட், பான் கார்டு, வேலை ஒப்பந்தம் எல்லாம் கையில் இருந்தன. இலங்கையின் வதிவிட விசா பாஸ்போர்ட்டிலேயே குத்தப்பட்டிருக்கிறது, ஆனால் அதில் வீட்டு முகவரி இல்லை. வங்கியோ வெளிநாட்டு முகவரிக்குத் தனிச் சான்று கேட்டது. வெள்ளவத்தையில் காலி வீதியிலிருந்து கடல் பக்கம் இறங்கும் ஒரு ஒழுங்கையில்தான் வீடு. வீட்டுக்கார அன்ரியிடம் கரண்ட் பில் கேட்டேன். "தம்பி, பில்லில இன்னும் எங்கட அவற்ற பேர் தானே கிடக்கு. அவர் மோசம் போய்க் கன வருசமாச்சு. அது உங்களுக்கு ஒண்டுக்கும் உதவாது" என்றவர், பில்லை எடுத்து வந்து காட்டவும் செய்தார். கடைசியில் உதவியது இங்கே சம்பளம் விழும் வங்கியின் கணக்கு அறிக்கை. அதில் என் பெயரும் வெள்ளவத்தை முகவரியும் வங்கி முத்திரையுடன் இருந்தன. புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்வது: இங்கே கணக்குத் திறக்கும்போதே அலுவலக முகவரியைக் கொடுக்காமல் வீட்டு முகவரியைக் கொடுங்கள், அந்த ஒரு தாள் பிறகு பல இடங்களில் செல்லும்.

நகல்களில் சான்றொப்பம் வேண்டும் என்றார்கள். இந்தியத் தூதரகத்திலோ நொத்தாரிசிடமோ வாங்கலாம், இந்திய வங்கி ஒன்றின் வெளிநாட்டுக் கிளை அதிகாரி கையெழுத்திட்டாலும் பல வங்கிகள் ஏற்கும். ஸ்டேட் பாங்க், இந்தியன் பாங்க், ஐ.ஓ.பி. மூன்றுக்கும் கொழும்பில் கிளை உண்டு. ஆனால் அந்தக் கிளைகள் இலங்கை உரிமத்தில் இயங்குபவை. ஊரில் இருக்கும் நம் கணக்கை அங்கே போய் மாற்ற முடியாது.

"உங்கம்மா கார்டு பயன்படுத்துறாங்களா?"

எல்லாம் தயார். அம்மா கையெழுத்துக்காகப் படிவத்தை ஊருக்கு அனுப்பினேன், அம்மா கையெழுத்துப் போட்டுக் கிளையில் கொடுத்தும்விட்டார். அதற்குப் பிறகு ஒரு நாள் மாலை, கிளையிலிருந்து ஒரு அம்மையார் அழைத்தார். புதிதாக மாற்றலாகி வந்த அதிகாரி. சான்றுகள் எல்லாம் சரியாக இருக்கின்றன என்று சொல்லிவிட்டு, சற்றே நிறுத்திக் கேட்டார்: "சார், ரெண்டாவது பேர்ல இருக்கிறது உங்கம்மாவா? ஊர்லதான் இருக்காங்களா? அவங்க கார்டு பயன்படுத்துறாங்களா? ஏன்னா நான் இதை மாத்தினா இன்னைக்கே அந்தக் கார்டு நின்னுரும்."

அந்தப் படிவத்தில் எங்கேயும் எழுதப்படாத கேள்வி. அவர் விளக்கியது இதுதான். என்.ஆர்.ஓ. கணக்கில் இந்தியாவில் வசிப்பவர் இரண்டாவது பெயராக இருக்கலாம், தடையில்லை. ஆனால் 'ஃபார்மர் ஆர் சர்வைவர்' முறையில் மட்டுமே. முதல் பெயர்க்காரர் உயிருடன் இருக்கும்வரை அவர் மட்டும்தான் எடுக்கலாம். அவர் இறந்த பிறகுதான் இரண்டாவது ஆளுக்கு உரிமை. சட்டத்தின் மொழியில் இது வெறும் இயக்க முறை. எங்கள் வீட்டில் இதன் பொருள், நான் செத்தால்தான் அம்மா பணம் எடுக்க முடியும் என்பது. அந்த அதிகாரி அதை இவ்வளவு நேராகச் சொல்லவில்லை, நாசூக்காகத்தான் சொன்னார். ஆனால் அன்று இரவு அம்மாவுக்கு நான் அதை விளக்கியபோது அம்மாவே கண்டுபிடித்துவிட்டார். "எய்யா, அப்போ மாடி வாடகைகூட நான் எடுக்க முடியாதா? அது என் வீட்டு வாடகையில்லா?"

அம்மா கேட்டதில் அம்மா நினைத்ததைவிடப் பெரிய விஷயம் இருந்தது. வீடு அம்மாவுடையது என்றால் வாடகையும் அம்மாவின் வருமானம். என்.ஆர்.ஓ. கணக்கு என்பது வெளிநாட்டில் வசிப்பவருக்கு இந்தியாவில் வர வேண்டிய பணத்தை வைத்துக்கொள்வதற்கு. அதில் அம்மாவின் வாடகை மாதாமாதம் விழுந்தால் பார்க்கிற யாருக்கும் அது என் வாடகை வருமானமாகத் தெரியும். வெளிநாட்டில் இருக்கும் வீட்டுச் சொந்தக்காரருக்கு வாடகை கொடுக்கிறவர், அது எவ்வளவு சிறிய தொகையானாலும், வரி பிடித்துத்தான் கொடுக்க வேண்டும் என்பது விதி. மாடியில் குடியிருக்கும் பள்ளி ஆசிரியருக்கு அப்படி ஒரு தலைவலி வரும் என்று யார் நினைப்பார்கள்? அவர் எனக்கு வாடகை தரவே இல்லை, அம்மாவுக்குத் தருகிறார். கணக்கு மட்டும்தான் என்னுடையது.

அந்த அதிகாரி படிவத்தை நிறுத்தி வைத்தார். அந்த ஒரு காரியத்துக்காக அவருக்கு நான் என்றைக்கும் நன்றியுள்ளவன். முதலில் அம்மா பெயரில் ஒரு சாதாரண சேமிப்புக் கணக்கு, அம்மா முதல் பெயர், மதுரையில் இருக்கும் அக்கா இரண்டாவது பெயர், ஐதர் ஆர் சர்வைவர். அக்கா இந்தியாவில் வசிப்பவர் என்பதால் இருவரும் எடுக்கலாம். நானே இரண்டாவது பெயராக இருக்க முடியாதா என்று கேட்டேன். முடியுமாம். 2014இல் ரிசர்வ் வங்கி அதற்கு அனுமதி கொடுத்திருக்கிறது: இந்தியாவில் வசிக்கும் ஒருவர், வெளிநாட்டில் இருக்கும் நெருங்கிய உறவினரைத் தன் கணக்கில் ஐதர் ஆர் சர்வைவர் முறையில் சேர்த்துக்கொள்ளலாம். ஆனால் பணம் அம்மாவுடையது, நான் அதை அம்மா சார்பில் உள்நாட்டுச் செலவுக்கு மட்டும்தான் எடுக்கலாம், எனக்காக எதுவும் எடுக்கக் கூடாது. பெயர் வரிசை மாறினால் விதியே மாறிவிடுகிறது என்பதைக் கவனியுங்கள். அம்மா முதலில், நான் இரண்டாவது என்றால் இருவரும் எடுக்கலாம். நான் முதலில், அம்மா இரண்டாவது என்றால் அம்மாவால் முடியாது. அவசரத்துக்கு ஓடி வரக்கூடியவர் அக்கா என்பதால் அவரையே சேர்த்தோம்.

அப்புறம் வாடகை, கேஸ் மானியம், கரண்ட் பில் எல்லாம் அந்தப் புதுக் கணக்குக்கு நகர்ந்தன. அடுத்து நான் என்.ஆர்.இ. கணக்கு திறந்தேன், அதிலிருந்து மாதம் ஒரு தொகை அம்மா கணக்குக்குத் தானாகப் போகும்படி உத்தரவு கொடுத்தேன். மகன் தாய்க்கு அனுப்பும் பணத்துக்கு அம்மா பக்கம் வரி கிடையாது. இவை ஓடத் தொடங்கிய பிறகே பழைய கணக்கை மாற்றச் சொன்னோம். அந்த வரிசைதான் முக்கியம்.

அதிகாரக் கடிதம் கொடுத்தால் போதுமே, எதற்கு இத்தனை வேலை என்று அக்கா கேட்டார். நியாயமான கேள்வி. என்.ஆர்.ஓ. கணக்கை இயக்க ஊரில் ஒருவருக்கு அதிகாரம் கொடுக்கலாம். அவர் உள்நாட்டில் ரூபாயில் செலவு செய்யலாம், ஆஸ்பத்திரி பில் கட்டலாம். ஆனால் அன்பளிப்பாக யாருக்கும் கொடுக்கக் கூடாது, இன்னொரு என்.ஆர்.ஓ. கணக்குக்கு மாற்றக் கூடாது. அதாவது அம்மா என் கணக்கிலிருந்து தன் கணக்குக்குத் தானே வீட்டுச் செலவுக்கென்று ஒரு தொகையை மாற்றிக்கொண்டால் அதுவே கேள்விக்குரியதாகிவிடும், அதையே நான் இங்கிருந்து செய்தால் தவறில்லை. அவசரத்துக்கு அந்தக் கடிதமும் கொடுத்து வைத்திருக்கிறேன். ஆனால் தினசரி வாழ்க்கையை அதன் மேல் வைக்க முடியாது. தன் பணத்தைத் தன் கையால் எடுக்கிற வசதி ஒரு வயதான பெண்ணுக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்று பார்த்தவர்களுக்குத் தெரியும்.

மாறியபின் தெரிவது

மாறிவிட்டதா என்பதை எப்படித் தெரிந்துகொள்வது? குறுஞ்செய்தியை நம்ப வேண்டாம். கணக்கு அறிக்கையை இறக்கிப் பாருங்கள், கணக்கு வகையில் என்.ஆர்.ஓ. என்று இருக்க வேண்டும், முகவரி கொழும்பு முகவரியாக இருக்க வேண்டும், இயக்க முறையும் மாறியிருக்க வேண்டும். என் வங்கியில் எண் மாறவில்லை, வகை மட்டும் மாறியது. யு.பி.ஐ. அன்றே நின்றுபோனது. வெளிநாட்டு எண்ணில் யு.பி.ஐ. வசதி என்று 2023 ஜனவரியில் அறிவித்த 10 நாடுகளில் இலங்கை இல்லை, ஆகவே ஓ.டி.பி. வருவதற்காக இந்திய சிம்மை ரோமிங்கில் உயிரோடு வைத்திருக்கிறேன்.

பெரிய மாற்றம் வட்டியில். கணக்கோடு சேர்ந்திருந்த வைப்புத் தொகையும் என்.ஆர்.ஓ. ஆகிவிடும். 5 லட்சம் ரூபாய், 7 சதவீதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆண்டுக்கு 35,000 ரூபாய் வட்டி. நான் இந்தியாவில் வசித்த 2023இல் 40,000 வரை வரி பிடிக்கமாட்டார்கள், ஆகவே ஒன்றும் போகவில்லை. என்.ஆர்.ஓ. ஆனதும் அப்படி ஒரு வரம்பே கிடையாது, முதல் ரூபாயிலிருந்தே 30 சதவீதம், அதன் மேல் 4 சதவீத செஸ், சேர்த்து 31.2 சதவீதம். 35,000இல் 10,920 போய்விடும். சேமிப்புக் கணக்கில் கிடப்பதன் வட்டிக்கும் இதேதான்.

இதைப் பார்த்ததும் எல்லோரும் இந்தியா-இலங்கை இரட்டை வரி ஒப்பந்தத்தைப் பற்றிப் பேசுவார்கள். ஒப்பந்தப்படி வட்டிக்கு 10 சதவீதம்தான், உண்மைதான். 10,920க்குப் பதில் 3,500. ஆனால் அதற்குக் கொழும்பு உள்நாட்டு இறைவரித் திணைக்களத்திடம் இலங்கையில் வரி வதிவாளர் என்ற சான்றிதழ் வாங்கி, இந்திய வரித் தளத்தில் அதற்கான படிவம் நிரப்பி, வங்கியில் கொடுக்க வேண்டும், அதையும் ஒவ்வொரு நிதியாண்டும். இந்தியாவில் எனக்கு இருக்கும் வருமானமே இந்த வட்டிதான் என்பதால் நான் அந்தப் பக்கம் போகவில்லை. வரி இல்லாத அடிப்படை வரம்புக்கு இது எவ்வளவோ கீழே. ரிட்டர்ன் தாக்கல் செய்தால் 10,920 முழுக்கத் திரும்பி வரும், ஒப்பந்தம் தருவதைவிட அதுவே அதிகம். பணம் சில மாதம் அரசிடம் இருக்கும், அவ்வளவுதான். வட்டி பல லட்சம் வருகிறவர்களுக்கு, அல்லது வேறு இந்திய வருமானமும் இருப்பவர்களுக்கு, ஒப்பந்தம் பயன்படும். முதல் ஆண்டில் இன்னொரு விசித்திரமும் உண்டு: வங்கி என்னை வெளிநாட்டவன் என்று 31.2 பிடித்தது, வரிக்கோ நான் அந்த ஆண்டு இந்தியாவில் வசிப்பவன். அதில் எதுவும் தவறில்லை, ரிட்டர்னில் வசிப்பவர் என்றே தாக்கல் செய்து, பிடித்ததை வரவு காட்டிக்கொள்ள வேண்டும். அந்த ஆண்டு வரி பிடித்தது, நம் பெயரில் பிடித்த வரியைக் காட்டும் 26ஏ.எஸ். அறிக்கையில் 195ஆம் பிரிவின் கீழ் வந்திருக்கும். அதைப் பார்த்தாலே வங்கி நம்மை எப்போதிலிருந்து என்.ஆர்.ஓ. என்று நடத்துகிறது என்பது தெரிந்துவிடும்.

என் ஆதங்கமெல்லாம் அந்தப் படிவத்தின் மேல்தான். கூட்டுக் கணக்கு என்றால் இரண்டாவது ஆள் இந்தியாவில் வசிக்கிறாரா, கார்டு வைத்திருக்கிறாரா என்று இரண்டே கட்டம் சேர்க்கட்டும், ஆம் என்று குறித்தால் அவருக்குத் தனிக் கணக்குத் திறந்த பிறகே மாற்றட்டும். விதி தெரிந்த ஒரு அதிகாரியின் நல்ல மனசைப் பொறுத்து ஒரு தாயின் மாதச் செலவு நடக்கக் கூடாது. அவர் அன்று லீவில் இருந்திருந்தால், கடைக்குப் போன இடத்தில் கார்டு வேலை செய்யாமல் அம்மா நின்றிருப்பார், நான் இங்கே மீட்டிங்கில் இருந்திருப்பேன்.

அடுத்த மாதம் கோயம்புத்தூரிலிருந்து ஒருவர் எங்கள் அலுவலகத்தில் சேர வருகிறார், அவரும் மனைவியும் கூட்டுக் கணக்கு வைத்திருக்கிறார்களாம். மனைவியும் கூடவே வந்துவிடுகிறார் என்றால் இருவருமே வெளிநாட்டில் வசிப்பவர்கள், என்.ஆர்.ஓ.விலும் ஐதர் ஆர் சர்வைவர் நீடிக்கலாம். பிள்ளையின் பள்ளிக்கூடத்துக்காக அவர் ஒரு வருஷம் ஊரிலேயே இருப்பதாக இருந்தால் நிலைமை எங்கள் வீட்டைப் போலத்தான். எந்தப் பக்கம் என்று முடிவு செய்துவிட்டுப் படிவத்தைக் கொடுங்கள் என்று எழுதியிருக்கிறேன்.